பேசினும் பிளாஸ்டிக் தாளும்: உப்புத் தண்ணீரிலிருந்து ஒரு நாளில் 310 மில்லி நல்ல தண்ணீர்

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலை ஒட்டிய ஒரு ஊரில் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பாத்திரம் கழுவலாம், குடிக்க முடியாது. சென்ற ஏப்ரலில் கேன் தண்ணீர் வண்டி நான்கு நாள் வராமல் போனபோது, பேசின் மேல் பிளாஸ்டிக் தாளைக் கட்டி வெயிலில் வைத்தால் நல்ல தண்ணீர் சேரும் என்று படித்ததைச் செய்து பார்த்தேன். முதல் நாள் கிடைத்தது 90 மில்லி. சரியாகச் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு அதே பேசினில் 310 மில்லி கிடைத்தது. நடுவில் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

செய்முறை எளியது. அகலமான பேசினில் உப்புத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தை வைக்க வேண்டும். பேசினின் வாயை ஒளி ஊடுருவும் தாளால் மூடி, தாளின் நடுவில் ஒரு கல்லை வைத்துப் புனல் போலத் தொங்கவிட வேண்டும். வெயிலில் தண்ணீர் ஆவியாகித் தாளின் அடிப்புறத்தில் முத்து முத்தாகப் படியும். அது சரிவில் வழிந்து கல்லுக்குக் கீழே சேர்ந்து கிண்ணத்தில் சொட்டும். உப்பு பேசினிலேயே தங்கிவிடும்.

1. முதலில் உங்கள் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

அனுமதி, பதிவு என்று எந்தக் காகிதமும் இதற்குத் தேவையில்லை. இரண்டு தாள்கள் மட்டும் வேண்டும். ஒன்று, தண்ணீரின் பரிசோதனை அறிக்கை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. எவ்வளவு தண்ணீர், எந்த வகைப் பாட்டில், என்ன கட்டணம், அறிக்கை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டு போனால் இரண்டாவது முறை அலைய வேண்டியதில்லை. எடுத்த இடம், நாள், கிணறா போரா என்ற விவரங்களைப் பாட்டிலின் மேல் ஒட்டிவிடுங்கள்.

அறிக்கை எதற்கு என்றால், இந்த முறையில் உப்பும் புளோரைடும் ஆர்சனிக்கும் பேசினிலேயே நின்றுவிடும். ஆனால் பெட்ரோல், மண்ணெண்ணெய், சில பூச்சிமருந்துகள், அம்மோனியா போன்றவை தண்ணீரோடு சேர்ந்து ஆவியாகிக் கிண்ணத்துக்கே வந்துவிடும். தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ மருந்து வாடையோ இருந்தால் அந்தத் தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது தாள், ஒரு நோட்டுப் புத்தகம். அதன் பயன் ஐந்தாம் படியில் தெரியும்.

உப்பின் அளவை அறிய டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். பேனா அளவுதான் இருக்கும். எங்கள் போர் தண்ணீர் 4,200 பிபிஎம், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 4,200 மில்லிகிராம் உப்பு காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்றும் சொல்கிறது. கடல் தண்ணீர் ஏறக்குறைய 35,000. மலிவான மீட்டர்களால் அந்த அளவைக் காட்ட முடியாது, மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட வேண்டாம்.

2. வாங்க வேண்டியவை, ஆன செலவு

பேசின்: துணி ஊறவைக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பேசின், உள்வாய் 52 செ.மீ., ஆழம் 23 செ.மீ., 220 ரூபாய். கறுப்புதான் வேண்டும், வெளிர் நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஆழத்தைக் கடையிலேயே அளந்து வாங்குங்கள். கொத்தனார் சாந்து அள்ளும் சட்டியும் கறுப்புதான், மலிவும்கூட. ஆனால் அதன் ஆழத்துக்குள் தாளின் சரிவும் கிண்ணமும் அடங்காது.

தாள்: ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாள், 1 மீட்டர், 60 ரூபாய். காய்கறிப் பை போன்ற மெல்லிய தாள் வெயிலில் தொய்ந்துவிடும். தொட்டால் சற்றுக் கனமாகத் தெரிய வேண்டும். நான் வாங்கியது 120 மைக்ரான்.

கிண்ணம்: இதில் ஏமாந்தேன். வீட்டிலிருந்த எவர்சில்வர் கிண்ணத்தை வைத்தேன். தண்ணீர் ஊற்றியதும் அது மிதந்து பேசினின் ஓரத்துக்குப் போய் நின்றுகொண்டது. கணக்குப் பார்த்தால் மிதக்காமல் என்ன செய்யும்? 12 செ.மீ. அகலமுள்ள கிண்ணம் 2 செ.மீ. தண்ணீரில் நின்றால் ஏறக்குறைய 225 மில்லி தண்ணீரை ஒதுக்குகிறது. கிண்ணத்தின் எடை 225 கிராமுக்குக் குறைந்தால் மிதக்கத்தான் செய்யும். 400 கிராமுக்கு மேல் எடையுள்ள தடித்த கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. உயரம் 5 செ.மீ., கொள்ளளவு அரை லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூப், பஞ்சர் கடையில் 10 ரூபாய். ஒரு வழவழப்பான கூழாங்கல், சமையலறைத் தராசு. மீட்டருக்கு 250 ரூபாய் ஆனது. மீட்டரை விட்டால் மொத்தம் 290 ரூபாய்.

3. தாளைப் பழக்குங்கள்

புதுத் தாளில் ஒரு பிளாஸ்டிக் வாடை இருக்கும், அது தண்ணீரில் இறங்கும். தாளைச் சோப்புப் போட்டுக் கழுவி இரண்டு நாள் வெயிலில் உலர்த்துங்கள். முதல் இரண்டு நாள் கிடைக்கும் தண்ணீரைக் குடிக்காமல் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. பாலித்தீனில் தண்ணீர் பரவி ஒட்டாது, தனித்தனி முத்துகளாக நிற்கும். அந்த முத்துகள் வெயிலையும் மறைக்கும், சிறு அசைவுக்கும் உதிர்ந்து உப்புத் தண்ணீரிலேயே விழும். தாளின் உட்புறமாக வரப்போகும் பக்கத்தை ஈர மணலால் லேசாகத் தேய்த்தால் அது சற்றுச் சொரசொரப்பாகும், தண்ணீர் படலமாகப் பரவி வழியும். லேசாக என்பதை மறக்க வேண்டாம். நான் தேங்காய் நாரை வைத்து அழுத்தித் தேய்த்து முதல் தாளில் ஓட்டை போட்டேன்.

4. கட்டுவது

காலை எட்டு மணிக்குள் கட்டி முடித்துவிட வேண்டும். நாள் முழுவதும் நிழல் விழாத இடம் மொட்டை மாடிதான். பேசினுக்கு அடியில் ஒரு சாக்கை நான்காக மடித்துப் போடுங்கள். சூடு கீழே இறங்குவது குறையும்.

கிண்ணத்தை நடுவில் வைத்து, அதை ஒரு தட்டால் மூடிக்கொண்டு உப்புத் தண்ணீரை ஓரமாக ஊற்றுங்கள். தட்டை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு நாள் அவசரத்தில் மூடாமல் ஊற்றினேன். அன்று கிண்ணத்துத் தண்ணீர் 160 பிபிஎம் காட்டியது. தாளில் ஏதோ கோளாறு என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அன்று சேர்ந்திருந்த 90 மில்லியை அந்த அளவுக்கு உப்பாக்க, 4,200 பிபிஎம் தண்ணீர் 3 மில்லி தெறித்தாலே போதும். ஒரு தேக்கரண்டிகூட இல்லை.

தண்ணீரின் உயரம் 2 செ.மீ. போதும். என் பேசினில் அது 4 லிட்டர். நிறைய ஊற்றினால் நிறைய வரும் என்று தோன்றும். ஆனால் ஆழமான தண்ணீர் சூடேறவே மதியமாகிவிடும்.

இப்போது தாளை விரித்து விளிம்பில் சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்குங்கள். நடுவில் கல்லை வைத்து, தாளைச் சுற்றிலும் சிறிது சிறிதாகத் தளர்த்திச் சரிவை உண்டாக்குங்கள். இந்தச் சரிவில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் நாள் என் தாள் நடுவில் 6 செ.மீ. மட்டுமே தாழ்ந்திருந்தது. முத்துகள் வழியாமல் அங்கங்கேயே கனத்து விழுந்தன. சரிவு ஏறக்குறைய 30 பாகை இருக்க வேண்டும். கோணமானி எல்லாம் வேண்டாம். பேசின் வாயின் பாதி அகலத்தை எடுத்துக்கொண்டு, அதில் பாதியைவிடச் சற்று அதிகமாகத் தாள் தாழ்ந்தால் சரி. எனக்குப் பாதி அகலம் 26 செ.மீ., தாழ்வு 15 செ.மீ.

கல்லுக்குக் கீழே தொங்கும் தாளின் நுனிக்கும் கிண்ணத்தின் விளிம்புக்கும் 3 செ.மீ. இடைவெளி விடுங்கள். மதிய வெயிலில் பாலித்தீன் இளகி இறங்கும். காலையில் ஒரு செ.மீ. விட்டிருந்த நாளில், இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தபோது நுனி கிண்ணத்தின் விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. வழிந்த தண்ணீர் கிண்ணத்தின் வெளிப்புறமாக இறங்கி உப்புத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்தது. கல்லை 150 முதல் 200 கிராமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கல் நல்லது, கருங்கல் சூடேறி நுனியையும் சூடாக்கும்.

காகங்களையும் கவனிக்க வேண்டும். கதையில் வரும் காகம் பானைக்குள் கல்லைப் போட்டது. எங்கள் மாடிக்கு வந்தது கல்லை நகர்த்தப் பார்த்தது. பேசினின் மேல் பழைய மீன் வலையை விரித்துவிட்டேன்.

கட்டி இருபது நிமிடத்தில் தாளின் உட்புறம் முழுவதும் பனி மூடியதுபோல் மங்க வேண்டும். ஏதாவது ஒரு பக்கம் மட்டும் தெளிவாகவே இருந்தால், அந்தப் பக்கத்து விளிம்பில் காற்று போகிறது என்று பொருள். தாளின் மடிப்புகள் டியூபுக்கு அடியில் சேரும் இடங்களைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

5. அளப்பது

மாலையில் திறந்து கிண்ணத்தை மட்டும் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று சலித்துக்கொள்வதுதான் பலரும் செய்வது. கிண்ணத்தோடு பேசினில் மிச்சமிருக்கும் தண்ணீரையும் நிறுத்துவிடுங்கள். ஒரு கிராம் ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்காரரின் வரவு செலவுக் கணக்குப் போல இது தவறு எங்கே என்று காட்டிக்கொடுக்கும். என் நோட்டிலிருந்து மூன்று நாட்கள், ஒவ்வொரு நாளும் ஊற்றியது 4,000 மில்லி:

முதல் நாள் கிண்ணத்தில் 90, பேசினில் மிச்சம் 3,860. காணாமல் போனது 50 மட்டும். அதாவது எதுவும் வெளியே போகவில்லை. ஆவியானது திரும்பவும் பேசினிலேயே விழுந்திருக்கிறது. தவறு சரிவில்.

சரிவைத் திருத்திய நாளில் கிண்ணத்தில் 170, மிச்சம் 3,490. காணாமல் போனது 340. கிண்ணத்தில் சேர்ந்ததைப்போல இரண்டு மடங்கு காற்றோடு போய்விட்டது. தவறு விளிம்பில். அன்று நான் கட்டியிருந்தது சணல் கயிறு. டியூபுக்கு மாறியது அதன் பிறகுதான்.

டியூபைப் போட்டு இறுக்கிய நாளில் கிண்ணத்தில் 310, மிச்சம் 3,620. காணாமல் போன 70 தாளிலும் பேசின் சுவரிலும் ஒட்டிய ஈரம், கொஞ்சம் கசிவு. இதற்கு மேல் குறைக்க எனக்கு வரவில்லை.

கிண்ணமும் குறைவு, காணாமல் போனதும் குறைவு என்றால் சரிவையும் வெயிலையும் பாருங்கள். கிண்ணம் குறைவு, காணாமல் போனது அதிகம் என்றால் கட்டைப் பாருங்கள்.

திறக்கும் நேரமும் முக்கியம். நன்றாக வெயில் அடித்த அடுத்தடுத்த மூன்று நாட்களில் வெவ்வேறு நேரத்தில் திறந்து பார்த்தேன். நண்பகலில் திறந்த நாளில் 70 மில்லி, மாலை ஐந்துக்குத் திறந்த நாளில் 250, இரவு முழுவதும் விட்டு மறுநாள் காலை ஆறுக்குத் திறந்தபோது 310. காலை நேரத்தில் பேசினின் சுவர் நிழலே தண்ணீரில் பாதியை மூடிவிடுவதால் தொடக்கம் மந்தமாகத்தான் இருக்கும். இரவில் தாள் குளிர்ந்து, சூடு ஆறாத தண்ணீரிலிருந்து இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. எனவே காலையில் திறங்கள். திறப்பதற்கு முன் தாளை மேலிருந்து விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் ஒட்டியிருக்கும் முத்துகளும் கிண்ணத்துக்குப் போகும்.

6. 310 மில்லி என்பது நல்ல அளவா?

என் பேசினின் வாய்ப் பரப்பு 0.21 சதுர மீட்டர். நல்ல கோடை நாளில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயிலை மின்சாரக் கணக்கில் ஏறக்குறைய ஐந்தரை யூனிட் என்று கொள்ளலாம். என் பேசினுக்குக் கிடைப்பது 1.17 யூனிட். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மூன்றில் இரண்டு பங்கு யூனிட் வேண்டும். வெயில் ஒரு துளியும் வீணாகாவிட்டால் ஒன்றே முக்கால் லிட்டர் வர வேண்டும். எனக்கு வந்தது அதில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்.

கண்ணாடி மூடி போட்டு, நன்றாகக் காப்பிட்டுக் கட்டிய தொட்டிகள் இதைப்போல இரண்டு மடங்கு கொடுக்கும். பிளாஸ்டிக் தாளும் பேசினும் அதை எட்டாது. ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றரை லிட்டர் வந்தால் உங்கள் கட்டு சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு பேசினில் நாளுக்கு மூன்று லிட்டர்" என்று யாராவது சொன்னால் பேசினின் அகலத்தைக் கேளுங்கள். 52 செ.மீ. பேசினில் அது நடக்காது, அதன் மேல் விழும் வெயிலே அவ்வளவு இல்லை.

"ஒரு டம்ளர் தண்ணீருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று என் அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான். ஓர் ஆள் குடிக்க நாளுக்கு இரண்டரை லிட்டர் என்றால் எட்டுப் பேசின் வேண்டும். தாள் நான்கு மாதம் உழைத்தால் ஒரு பேசின் தரும் தண்ணீர் 36 லிட்டர் அளவுதான். 290 ரூபாயை அதால் வகுத்தால் லிட்டர் எட்டு ரூபாய். கேன் தண்ணீர் எங்கள் ஊரில் லிட்டர் இரண்டு ரூபாய்க்குள் கிடைக்கிறது. எனவே கேனை நிறுத்திவிட்டு இதற்கு மாறுங்கள் என்று சொல்ல மாட்டேன். புயலில் சாலை அடைபட்டு, கரண்ட் இல்லாமல், கையில் உப்புத் தண்ணீர் மட்டும் இருக்கும் நாட்களுக்கு இது உதவும். அதற்கும் ஒரு தடை இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடிய ஒரு நாளில் எனக்குக் கிடைத்தது 110 மில்லிதான். மழை வந்தால் தாளின் குழியில் தண்ணீர் தேங்கி அந்தக் கனத்தில் கட்டு அவிழ்ந்துவிடும். மழை நாளில் இதை அவிழ்த்து வைத்துவிட்டு, கழுவிய தாளை விரித்து மழையையே பிடியுங்கள்.

7. குடிப்பதற்கு முன்

தெறிக்காமல் செய்த நாட்களில் என் கிண்ணத்துத் தண்ணீர் 14 பிபிஎம் காட்டியது. உப்பு போய்விட்டது என்பதற்கு அது சான்று. கிருமி இல்லை என்பதற்குச் சான்று அல்ல, அந்த மீட்டருக்குக் கிருமி தெரியாது. பேசினில் தண்ணீர் கொதிப்பதில்லை. தாள், கிண்ணம், உங்கள் கை எல்லாம் இடையில் வருகின்றன. எனவே கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.

சுவை சப்பென்று இருக்கும். பரிசோதனை அறிக்கையில் உப்பைத் தவிர வேறு குறை இல்லை என்றால், 300 மில்லிக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி போர் தண்ணீரைச் சேர்த்துக் கொதிக்க வைக்கலாம். அப்போது என் கணக்கில் 210 பிபிஎம் அளவுக்கு வரும், குடிக்க நன்றாக இருக்கும். புளோரைடு இருக்கும் ஊர்களில் இதைச் செய்யாதீர்கள். நீக்கியதையே திரும்பச் சேர்ப்பதாகிவிடும்.

8. தொடர்ந்து நடத்துவது

பேசினைக் கொட்டாமல், தினமும் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு மட்டும் போர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் பேசினில் உப்பு ஏறிக்கொண்டே போகும். என் பேசினில் ஒரு வாரத்தில் 4,200 பிபிஎம் 7,000 ஆகிவிடும். சுவரில் வெள்ளைப் பொருக்குப் படிந்து கறுப்பு நிறமே மறையும், விளைச்சலும் குறையும். மூன்று நாளைக்கு ஒரு முறை முழுவதும் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கடல் தண்ணீர் என்றால் தினமும். கொட்டும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். எங்கள் வீட்டு முருங்கைக் கன்று ஒன்று அப்படித்தான் போயிற்று.

தாளை மாதம் ஒரு முறை மடித்துப் பாருங்கள். சாதாரண பாலித்தீன் வெயிலில் சில மாதங்களில் மஞ்சளாகி, மடித்தால் நொறுங்கும். மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் அந்த வாரமே மாற்றிவிடுங்கள். பசுமைக்குடிலுக்குப் போடும் தாள் விலை கூடுதல், ஆனால் வெயிலைத் தாங்கும். விவசாயப் பொருள் விற்கும் கடைகளில் துண்டு மிச்சம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், எனக்கு இரண்டாவது தாள் அப்படித்தான் கிடைத்தது.